ரிஸ்க் ஷீட்டில் எந்தத் தேதி இருக்க வேண்டும்?

கேள்வி: நான் ஆறு பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் டீமின் லீட். ரிஸ்க் ஷீட் ஒன்று வைத்திருக்கிறோம். 34 வரிகள்; சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பார்ப்போம். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது, அப்புறம் வேலை நெருக்கடியில் நின்றுவிட்டது. போன ரிலீஸ் ஒரு மாதம் தள்ளிப்போனது. வெளி வெண்டர் தர வேண்டிய இணைப்பு வரவில்லை. அந்த ரிஸ்க் எங்கள் ஷீட்டில் ஏழாவது வரியிலேயே இருந்தது, 'பொறுப்பு: டீம்' என்று. மேனேஜர் "ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்கிறார். முன்னாடியே சொன்னால் "எல்லாவற்றையும் என்னிடம் கொண்டு வராதீர்கள்" என்கிறார். அடுத்த ரிலீஸ் செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. அதிலும் அதே வெண்டரின் பேமென்ட் இணைப்பு. செப்டம்பர் 5 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் பழையபடி ஃபைல் அனுப்பும் முறையை வைத்துச் சமாளிக்கலாம். அதை எழுத 15 வேலைநாள், சோதிக்க 5 வேலைநாள் ஆகும். கிளையன்ட் சம்மதமும் வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை ரிவ்யூ வைப்பது, யாரைப் பொறுப்பாக்குவது, எப்போது மேலே கொண்டு போவது?

பதில்: செப்டம்பர் 30-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து வேலைநாள், இடையில் விடுமுறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 2 காலை தொடங்கினால்தான் ஃபைல் முறை 29-ஆம் தேதி மாலை முடியும். அப்படியானால், வெண்டர் சொல்லும் செப்டம்பர் 5 வருவதற்குள் உங்கள் மாற்று வழி மூடிவிடுகிறது. "அஞ்சாம் தேதி வரை பார்ப்போம், வரவில்லை என்றால் சொல்வோம்" என்று இருந்தால், ஐந்தாம் தேதி மேனேஜரிடம் சொல்ல உங்களிடம் செய்தி மட்டும்தான் இருக்கும்; அவர் தேர்ந்தெடுக்க வழி எதுவும் இருக்காது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். கிளையன்ட் சம்மதம் ஒரே நாளில் கிடைக்காது. மேனேஜர் அவர்களைப் பிடித்துப் பேசி, அவர்கள் தங்களுக்குள் கலந்து, பதில் வர ஐந்து வேலைநாள் என்று வையுங்கள். அப்போது ஆகஸ்ட் 26 காலைக்குள் விஷயம் மேனேஜரின் மேஜையில் இருக்க வேண்டும். இதுதான் இந்த ரிஸ்க்கின் கடைசித் தேதி. உங்கள் ஷீட்டில் ரிலீஸ் தேதி இருக்கும், வெண்டர் வாக்குக் கொடுத்த தேதி இருக்கும், ரிவ்யூ தேதி இருக்கும். ஆனால் இந்த ஆகஸ்ட் 26 எங்கேயும் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். நான் பார்த்த பெரும்பாலான ஷீட்களில் இருப்பதில்லை.

இப்போது உங்கள் முதல் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 5 அன்று கூடுகிறீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வெண்டர் இன்னும் எதையும் தவறவிடவில்லை. அடுத்த மீட்டிங் செப்டம்பர் 2. அதற்குள் கடைசித் தேதி போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு மீட்டிங்கைக்கூட விடாமல் நடத்தியிருந்தாலும் இந்த ரிஸ்க் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். எனவே நடுவில் நின்றுபோனதற்காக உங்களையோ டீமையோ கடிந்துகொள்ள வேண்டாம்.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. ஷீட்டில் B2-வில் ரிலீஸ் தேதி, C2-வில் மாற்று வழிக்கான வேலைநாட்கள், D2-வில் ஒப்புதலுக்கான வேலைநாட்கள், H பத்தியில் விடுமுறைப் பட்டியல் இருந்தால் இது போதும்:

```
=WORKDAY(B2,-(C2+D2),$H$2:$H$20)
```

உங்கள் எண்களுக்கு (20, 5, விடுமுறை இல்லை) ஆகஸ்ட் 26 வரும். இடையில் இரண்டு நாள் விடுமுறை இருந்தால் அதுவே ஆகஸ்ட் 22 ஆகிவிடும், ஏனென்றால் 26-க்கு முந்தைய இரண்டாவது வேலைநாள் ஒரு வெள்ளிக்கிழமை. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தேதி வெண்டரை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஃபைல் முறையை எழுதப் போகிறவர் செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால், வெண்டர் பக்கம் ஒன்றுமே மாறாவிட்டாலும் கடைசித் தேதி ஒரு வாரம் முன்னால் வந்துவிடும். ரிஸ்க் ரிவ்யூவில் விடுப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சரி, 26-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. எதை வைத்துச் சொல்வது? "வெண்டர் தாமதம் செய்வார் போலத் தோன்றுகிறது" என்று போனால் உங்கள் மேனேஜர் திருப்பித்தான் அனுப்புவார், அது நியாயமும்கூட. கண்ணால் பார்த்து ஆமாம் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு குறி வேண்டும், அதுதான் டிரிகர். அது கடைசித் தேதிக்கு முன்னால் வெளிப்பட வேண்டும், வெண்டரின் வாய்ச்சொல்லை நம்பாமல் உங்கள் ஆளே சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஒரு இணைப்பு செப்டம்பர் 5 அன்று முழுதாக வரப்போகிறது என்றால், அதற்கு முன்பே அதன் அறிகுறிகள் தெரிந்தாக வேண்டும். தகவல் வடிவங்களை விவரிக்கும் ஆவணம் முடிவாகியிருக்க வேண்டும். சோதனைத் தளத்தில் நுழைய உங்களுக்கு லாகின் வந்திருக்க வேண்டும். அடிப்படையான சில கோரிக்கைகளுக்காவது சரியான பதில் வர வேண்டும். இவற்றில் எதுவும் ஆகஸ்ட் நடுவில் இல்லை என்றால் செப்டம்பர் 5 வெறும் ஆசை. உங்கள் நிலைமைக்கு நான் இரண்டு படிகள் வைப்பேன்.

முதல் படி, ஆகஸ்ட் 12 மாலை: சோதனைத் தளத்தில் நம்முடைய லாகின் வேலை செய்கிறதா? இல்லை என்றால் பொறுப்பாளர் அன்றே வெண்டரின் தொழில்நுட்ப ஆளைப் போனில் பிடித்துப் பேச வேண்டும். மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பது கணக்கில் சேராது. உங்களுக்கும் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு இன்னும் போக வேண்டாம். இரண்டாவது படி, ஆகஸ்ட் 19 மாலை: பணம் செலுத்துதல், ரத்து, பணம் திரும்பத் தருதல், நிலை அறிதல், நாள் முடிவுக் கணக்கு என்ற ஐந்து கோரிக்கைகளில் மூன்றுக்காவது சரியான பதில் வருகிறதா? இல்லை என்றால் அன்றே மேனேஜரிடம் போகிறது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் கையிருப்பு இருக்கும். மேனேஜர் ஊரில் இல்லை, கிளையன்ட் பக்கம் ஆள் கிடைக்கவில்லை என்பது போன்றவற்றுக்கு அந்த ஒரு வாரம் போய்விடும். அதை மிச்சம் என்று நினைத்துச் செலவழிக்காதீர்கள்.

மூன்று என்பது ஏன், நான்கு ஏன் இல்லை என்று டீமில் யாராவது கேட்பார்கள். இதில் அறிவியல் ஒன்றும் இல்லை. மூன்றுகூட வராத இணைப்பு பதினேழு நாளில் முழுமையடையும் என்று உங்களில் யாரும் கையெழுத்துப் போட மாட்டீர்கள் அல்லவா, அதுதான் காரணம். எண் எதுவாக இருந்தாலும், அந்த நாள் வரும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். 19-ஆம் தேதி மாலை உட்கார்ந்து "இரண்டு வந்திருக்கிறது, மூன்றாவது கிட்டத்தட்ட வந்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே" என்று பேசத் தொடங்கினால் அந்த டிரிகர் செத்துவிட்டது.

தவறான எச்சரிக்கையாகிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் தயங்கலாம். செலவைப் பார்த்துவிடுங்கள். 19-ஆம் தேதி டிரிகர் அடித்து, மேனேஜர் கிளையன்ட்டிடம் பேசி, 22-ஆம் தேதி வெண்டரே எல்லாவற்றையும் தந்துவிட்டார் என்று வையுங்கள். மேனேஜரின் ஓரிரு மணி நேரமும் கிளையன்ட்டோடு ஒரு பேச்சும் வீண். இன்னொரு பக்கம் போன முறை மாதிரி ஒரு மாதத் தாமதம். இந்தக் கணக்கை மேனேஜரிடமே சொல்லிவிட்டால், ஒருமுறை வீணாக அடித்த மணிக்கு அவர் கோபிக்க மாட்டார். ஆனால் மூன்று நான்கு முறை அடித்து ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லாமல் போனால், அளவை இறுக்கமாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், தளர்த்துங்கள்.

பொறுப்பாளர் விஷயத்துக்கு வருவோம். 'டீம்' என்று எழுதிய வரிக்குப் பொறுப்பாளர் இல்லை. இரண்டு பெயர் எழுதினாலும் அதே கதைதான், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒரு பெயர், அவர் விடுப்பில் போனால் பார்க்க ஒரு மாற்றுப் பெயர், அவ்வளவுதான்.

யாருடைய பெயர் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அனுபவசாலி என்பதற்காகவோ பதவிக்காகவோ ஒருவரைப் போட்டுவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு கேள்வி: யாரையும் கேட்காமல் அந்தக் குறியை அவரே நேரில் பார்க்க முடியுமா? பார்த்தவுடன் அடுத்த அடியை எடுத்துவைக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? பேமென்ட் இணைப்பு விஷயத்தில், தினமும் அந்தச் சோதனைத் தளத்தோடு மல்லுக்கட்டும் டெவலப்பர்தான் சரியான ஆள். மாற்று வழிக்கான புரோகிராமை அவரே எழுத வேண்டும் என்று இல்லை. ரிஸ்க்கைக் கவனிப்பவர் ஒருவர், அதற்கான வேலையைச் செய்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறை இந்த இரண்டு பொறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறது. உங்கள் ஷீட்டிலும் 'பொறுப்பாளர்', 'செய்பவர்' என்று இரண்டு பத்திகள் வைத்தால் குழப்பம் குறையும்.

ஒரு பொறி இங்கே உண்டு. உங்கள் 34 வரிகளில் 'இந்த டேட்டாபேஸ் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்' என்ற மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கும். எல்லாச் சின்ன டீமிலும் இருக்கும். அதற்கு அந்த ஒருவரையே பொறுப்பாளராகப் போட்டுவிடுவார்கள், அவருக்குத்தானே தெரியும் என்று. ஆனால் அந்த ரிஸ்க் நடக்கும் நாளில் அவர் அங்கே இருக்க மாட்டார், அதுதானே ரிஸ்க்கே. கற்றுக்கொள்ள வேண்டியவரைப் பொறுப்பாளராக்குங்கள். அவருக்குத்தான் அக்கறை இருக்கும்.

எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளும் ஆசையும் வரும். லீட் என்ற முறையில் எல்லாம் உங்கள் தலையில்தான் விடியும், உண்மைதான். ஆனால் உங்கள் வேலை, பொறுப்பாளர்கள் பார்த்தார்களா என்று பார்ப்பது. ஆளுக்கு இரண்டு வரிக்கு மேல் போனால் யாரும் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். ஆறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள்தான் தாங்கும்.

மீதி இருபத்துச் சொச்சம் வரிகளை என்ன செய்வது? ஒருமுறை உட்கார்ந்து சலித்துவிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். சில ஏற்கெனவே நடந்துவிட்டிருக்கும். அவை ரிஸ்க் பட்டியலில் இருக்க வேண்டியவை இல்லை, வேலைப் பட்டியலுக்குப் போகட்டும். 'தரம் குறையலாம்', 'தகவல் தொடர்புப் பிரச்சினை வரலாம்' போன்றவை கவலைகள். எந்தக் காரணத்தால், என்ன நடந்து, எந்தத் தேதி அல்லது எந்த வேலை கெடும் என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் நீக்குங்கள். இன்னும் சில, நடந்தால் நடக்கட்டும் என்று விடக்கூடியவை. அவற்றுக்கு 'ஏற்றுக்கொண்டோம்' என்று எழுதி, யார் ஏற்றுக்கொண்டார் என்ற பெயரையும் தேதியையும் போட்டுத் தனியே வையுங்கள்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்ப்புக்கு ஐந்து, பாதிப்புக்கு ஐந்து என்று பெருக்கி நிறம் போடும் முறையில், அடிக்கடி வரும் சின்னத் தொல்லையும் (5 × 2) எப்போதாவது வரும் பெரிய அடியும் (2 × 5) ஒரே பத்தாக நிற்கும். மேலே காட்டுவதற்கு நிறம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை மட்டும் கடைசித் தேதியின்படி வரிசைப்படுத்துங்கள்.

இனி ரிவ்யூ எத்தனை நாளுக்கு ஒருமுறை. எனக்குப் பழக்கமான கணக்கு இது: முதல் குறி தெரியும் நாளுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. உங்கள் இணைப்பில் ஆகஸ்ட் 12 முதல் 26 வரை 14 நாள், பாதி ஏழு. எனவே வாரம் ஒருமுறை. பாதி என்பதற்குக் காரணம், ஒரு மீட்டிங் ஏதோ ஒரு காரணத்தால் தவறினாலும் இன்னொன்று மிச்சம் இருக்க வேண்டும். எல்லா வரிகளுக்கும் கணக்குப் போட்டு, மிகக் குறைவாக வருவதையே டீமின் ரிவ்யூ இடைவெளியாக வையுங்கள்.

வாரா வாரமா என்று டீம் முகம் சுளிக்கும். எல்லா வரிகளையும் பார்ப்பதாக இருந்தால் அவர்கள் சொல்வது சரிதான். அப்படி நடத்தினால் மூன்றாவது வாரமே ஆள் வர மாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் 'அடுத்து பார்க்கும் தேதி' என்று ஒரு பத்தி வையுங்கள். செவ்வாய்க்கிழமை, அந்தத் தேதி வந்துவிட்ட வரிகளை மட்டும் எடுங்கள். சில வாரம் நாலு வரி இருக்கும், சில வாரம் ஒன்றுதான் இருக்கும், பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். உங்கள் முதல் செவ்வாய் மீட்டிங்கை விட்டுவிட வேண்டாம். அன்று மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கி முழுப் பட்டியலையும் ஒரு சுற்றுப் பார்த்துப் புதியவற்றைச் சேருங்கள். செப்டம்பர் 30 வரையிலான எல்லாச் செவ்வாய்களையும் இப்போதே காலண்டரில் போட்டு அழைப்பு அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் எப்போது வைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்க ஆரம்பித்தால், நெருக்கடியான வாரத்தில் அது நடக்காமலே போய்விடும். ரிவ்யூ மிகவும் தேவைப்படுவதும் அந்த வாரத்தில்தான்.

வார மீட்டிங்குக்கு இருபது நிமிடம் போதும், ஒரு நிபந்தனையோடு. திங்கள் மாலைக்குள் பொறுப்பாளர் தன் வரியைப் புதுப்பித்திருக்க வேண்டும். மீட்டிங்கில் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியவை: குறி என்ன சொல்கிறது? கடைசித் தேதி இன்னும் அதேதானா? போன முறை செய்வதாகச் சொன்னது நடந்ததா? இவற்றுக்கு விடை கிடைத்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்று அங்கேயே பேச ஆரம்பித்தால் ஒரே வரி இருபது நிமிடத்தையும் தின்றுவிடும். தொடர்புள்ள இரண்டு பேர் பிறகு தனியாகப் பேசட்டும். டிரிகர் மீட்டிங்குக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் டீமுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். புதன்கிழமை அடித்தால் புதன்கிழமையே சொல்ல வேண்டும்.

உங்கள் ஏழாவது வரி புதிய வடிவில் இப்படி இருக்கும்:

ரிஸ்க்: வெண்டரின் பேமென்ட் இணைப்பு செப்டம்பர் 2-க்குள் நம்பும்படி இல்லாவிட்டால், ஃபைல் முறைக்கு நேரம் போதாமல் செப்டம்பர் 30 ரிலீஸ் தவறும்.
பொறுப்பாளர்: இணைப்பு டெவலப்பர் (பெயர்). மாற்று: டெஸ்டர் (பெயர்).
கடைசித் தேதி: ஆகஸ்ட் 26 காலை.
எச்சரிக்கை: ஆகஸ்ட் 12 மாலை லாகின் இல்லை; அன்றே வெண்டருக்குப் போன், லீடுக்குத் தகவல்.
மேலே போக: ஆகஸ்ட் 19 மாலை ஐந்தில் மூன்று இல்லை, அன்றே லீட் வழியாக மேனேஜருக்கு.
அடுத்து பார்ப்பது: ஆகஸ்ட் 5.

இனி மேனேஜர். அவர் சொல்லும் இரண்டும் முரண்பட்டவை போலத் தெரிகிறது. உண்மையில், எது தன்னிடம் வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று அவரும் நீங்களும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து மனநிலையில் அவர் பதில் சொல்கிறார். இந்த வாரமே அவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். ரிஸ்க்குகளை விளக்கப் போகாதீர்கள். டிரிகர்களைக் காட்டி, "இது நடந்தால் உங்களிடம் வருவேன், நடக்காவிட்டால் வர மாட்டேன், சரியா?" என்று கேளுங்கள். சிலவற்றை அவர் வெட்டுவார், சிலவற்றின் தேதியை முன்னால் தள்ளுவார். நல்லதுதான், அவர் திருத்திய பிறகு அது அவருடைய டிரிகரும்கூட.

வரிக்கு வரி டிரிகர் தவிர, எல்லாவற்றுக்கும் பொதுவான சிலவற்றையும் அப்போதே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். ரிலீஸ் ஐந்து வேலைநாளுக்கு மேல் நகரும் என்றால், கிளையன்ட்டிடம் பேச வேண்டியிருந்தால், உங்களுக்கு அனுமதி இல்லாத செலவு என்றால், தானாகவே அவரிடம் போகும். இவற்றோடு நான் எப்போதும் சேர்ப்பது ஒன்று: ஒரே தேதி இரண்டாவது முறை தள்ளிப்போனால், காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேலே போகும். முதல் முறை தள்ளிப்போவது சகஜம். இரண்டாவது முறை தள்ளிப்போகிறது என்றால், வேலை எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

19-ஆம் தேதி டிரிகர் அடித்தால் அனுப்பும் செய்தியும் முக்கியம். 'பேமென்ட் இணைப்பு ரிஸ்க் சிவப்பாகிவிட்டது, தங்கள் கவனத்துக்கு' என்று அனுப்பினால் அவர் கவனித்துக்கொண்டு சும்மா இருப்பார், வேறென்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்:

"இன்று மாலை வரை ஐந்து கோரிக்கைகளில் ஒன்றுக்குத்தான் பதில் வருகிறது. வெண்டரிடம் 12-ஆம் தேதியும் 14-ஆம் தேதியும் பேசினோம். புதிய தேதி எதுவும் தரவில்லை. செப்டம்பர் 30 தவறாமல் இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் 2 காலை ஃபைல் முறையைத் தொடங்க வேண்டும், இரண்டு பேருக்கு 20 வேலைநாள். இதற்கு கிளையன்ட் சம்மதம் வேண்டும். 26-ஆம் தேதிக்குள் அவர்களிடம் பேசி, செப்டம்பர் 1 மாலைக்குள் எங்களுக்குச் சொல்ல முடியுமா? பதில் வராவிட்டால் செப்டம்பர் 2 காலை ஃபைல் முறையைத் தொடங்குகிறோம்."

நடந்தது, செய்தது, கேட்பது, எதற்குள், பதில் இல்லாவிட்டால் என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை எழுதப் பலருக்குக் கை நடுங்கும். அதை முன்கூட்டியே, அந்த அரை மணி நேரப் பேச்சிலேயே அவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மிரட்டல் மாதிரித்தான் படும். விஷயம் முடிந்ததும், இணைப்பு வந்துவிட்டது அல்லது மாற்று வழி தொடங்கிவிட்டது என்று ஒரு வரி அனுப்பி மூடிவிடுங்கள். மூடாமல் விட்டால் அவர் அதையே மூன்று வாரம் கழித்து விசாரித்துக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாடு எல்லா ரிஸ்க்குக்கும் பொருந்தாது. திடீரென்று ஒருவர் நோய்வாய்ப்படுவது, சர்வர் விழுவது போன்றவற்றுக்கு முன்குறி கிடையாது. டிரிகர் எழுத உட்கார்ந்தால் ஏதாவது கற்பனையாகத்தான் எழுத வேண்டியிருக்கும். அந்த வரிகளில் ஒத்திகைத் தேதியை எழுதுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்ப்பது ஆகஸ்ட் 21, டேட்டாபேஸ் தெரிந்தவர் இல்லாமல் மற்றவர் ஒரு முழு வெளியீட்டைச் செய்து பார்ப்பது ஆகஸ்ட் 28, இப்படி. ஒத்திகை தோற்றாலோ தள்ளிப்போனாலோ அதுவே டிரிகர்.

ஓரிரு மாதம் போனதும் ஷீட்டையே ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். 'கவனித்து வருகிறோம்' என்ற சொல் ஒரே வரியில் மூன்று வாரமாக நிற்கிறதா? ஒரு மாதமாகப் புதிதாக எதுவும் சேரவில்லையா, எதுவும் மூடப்படவில்லையா? ரிலீஸ் தள்ளிப்போனது, ஆனால் ஒரு டிரிகர்கூட அடிக்கவில்லையா? கடைசியாகச் சொன்னதுதான் மோசமானது; தவறான விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது ப்ரீமார்ட்டம் என்ற பயிற்சியைச் செய்து பாருங்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையால் பரவலானது. 'செப்டம்பர் 30 ரிலீஸ் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன்?' என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் காரணங்களைத் தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும், பேசாமல். பிறகு ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். மீட்டிங்கில் வாய் திறக்காத ஜூனியர்கள் எழுதுவதில்தான் உங்களுக்குத் தெரியாத இரண்டு மூன்று வரிகள் கிடைக்கும்.

மேனேஜர் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒப்புக்கொள்ள மறுத்தால், "பதில் இல்லாமல் நீங்களாக எதையும் தொடங்கக் கூடாது" என்று சொன்னால், வாதாட வேண்டாம். அவர் இல்லாத நாட்களில் யார் முடிவெடுப்பார் என்று ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயரை ஏழாவது வரியில் எழுதி, அவருக்கும் ஆகஸ்ட் 19-க்கு ஒரு காலண்டர் அழைப்பை இப்போதே அனுப்பிவிடுங்கள்.